வாடிய இலை கேட்பது தண்ணீரா?

ஹாலில் தொட்டியில் வைத்த மணி பிளான்ட் வாடித் தொங்கினால், பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: ஒரு சொம்புத் தண்ணீர். மறுநாளும் தொங்கினால் இன்னொரு சொம்பு. செடி சாவது பல வீடுகளில் இப்படித்தான்.

தாகத்தில் வாடினாலும், தண்ணீர் மிகுந்து வாடினாலும் தொங்கல் ஒன்றுபோலவே இருக்கும். காரணம் வேரில் இருக்கிறது. மண்ணில் எந்நேரமும் நீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அது அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றபடியே செடி வாடும்.

இலையைத் தொட்டால் வித்தியாசம் தெரியும். தாகமெடுத்த இலை மெலிந்து, உள்பக்கமாகச் சுருளும். நுனியும் ஓரமும் பழுப்பேறி அப்பளம்போல் நொறுங்கும். தண்ணீர் மிகுந்த இலையோ தொளதொளவென்று மெத்தென்றிருக்கும். பழுப்புப் புள்ளி விழுந்தால் அதுவும் ஈரமாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு தெரியும்.

மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. அடியில் ஒரு முதிர்ந்த இலை பழுப்பது இயல்பு. ஒரே வாரத்தில் நாலைந்து இலைகள் மஞ்சளானால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்போது விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் இலை நிமிரும். ஈரமாக இருந்தால் சொம்பைக் கீழே வையுங்கள். மண்ணில் துர்நாற்றமும் வந்தால் செடியை வெளியே எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நடுங்கள்.