இளைய மேலாளருக்கு எழுதும்போது

வங்கி அதிகாரித் தேர்வை எழுத 20 வயது முதல் 30 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். அப்படித் தேறி வருகிறவர்கள் சில ஆண்டுகளிலேயே கிளை மேலாளர் ஆகிவிடுகிறார்கள். அதே கிளையில் எழுத்தராகச் சேர்ந்தவர்கள் 60 வயதில் ஓய்வு பெறும்வரை கவுண்டரிலேயே இருப்பதும் உண்டு. அதனால் 31 வயது மேலாளருக்குக் கீழே 56 வயது காசாளர் வேலை பார்ப்பது இன்று சாதாரணம். நேரில் பேசும்போது சிக்கல் அதிகம் இல்லை. முகமும் குரலும் பாதி மரியாதையைச் சொல்லிவிடும். எழுதும்போது அந்தத் துணை இல்லாததால்தான் பெரியவர்கள் ஒன்று குனிந்துவிடுகிறார்கள், அல்லது நிமிர்ந்துவிடுகிறார்கள்.

ஒரு சிற்றூர்க் கிளையை வைத்துப் பார்ப்போம். நவம்பர் மாதம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் மாதம் அது. திங்கள் முதல் ஒரு வாரம் கடன் முகாம் நடக்கும், கவுண்டர் ஊழியர் ஒருவர் என்னோடு வர வேண்டும் என்று புதிய மேலாளர் வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்கிறார். கூட்டத்தை ஒரே கவுண்டரில் சமாளிக்க முடியாது என்பது காசாளருக்குத் தெரியும். முதலில் இப்படி எழுதுகிறார்:

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், அடியேனுக்குத் தெரிந்தவரை இம்மாதம் கூட்டம் சற்று அதிகம் இருக்கும். தாங்கள் பார்த்து ஆவன செய்தால் நலம்.”

தந்தை வயதுள்ளவர் தன்னை அடியேன் என்று சொல்வதைப் படிக்கும் இளைய மேலாளர் கூசிப்போவார். கிண்டலோ என்றுகூட நினைப்பார். அதைவிடப் பெரிய குறை, என்ன செய்ய வேண்டும் என்பது இதில் இல்லை. பணிவுச் சொற்கள் கூடக்கூட விஷயம் மறைந்துபோகிறது.

அதை அழித்துவிட்டு அடுத்ததை எழுதுகிறார்:

“நீங்க வந்து ஆறு மாசம்தான் ஆகுதும்மா. இருபது வருஷமா இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறவன் நான். இது சரிப்படாது.”

அனுபவம் இங்கே பதவிக்குப் போட்டியாக நிற்கிறது. வீட்டில் அன்பாக ஒலிக்கும் ‘அம்மா’ அலுவலகச் செய்தியில் அவரைச் சிறு பெண்ணாக்கிவிடுகிறது. இருபது வருஷத்தில் பார்த்தது என்ன என்பதையோ இவரும் சொல்லவில்லை.

இப்போது மூன்றாவது:

“வணக்கம் மேடம். திங்கள் முதல் ஒரு கவுண்டர் மட்டும் இயங்கும் என்று பார்த்தேன். இந்த மாதம் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வருகிறார்கள். போன நவம்பரில் இரண்டு கவுண்டர் இருந்தும் காலை 10 முதல் 12 வரை வரிசை வாசலைத் தாண்டியது. முகாமைப் பிற்பகலில் வைத்துக்கொள்ள முடியுமா? இல்லையென்றால் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் கடன் பிரிவிலிருந்து ஒருவரைக் கவுண்டருக்கு மாற்றலாம். எது வசதி என்று வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் மற்றவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.”

‘வணக்கம் மேடம்’ என்பதும் வினைமுற்றுகளில் உள்ள மரியாதையும் போதும். அனுபவம் இதில் தகவலாக வந்திருக்கிறது: எந்த மாதம், எந்த நேரம், எவ்வளவு கூட்டம். இரண்டு வழிகளைச் சொல்லிவிட்டு முடிவை மேலாளரிடமே விட்டதுதான் உண்மையான மரியாதை. முடிவெடுப்பது அவர் வேலை, அதற்கு வேண்டிய விவரத்தைத் தருவது இவர் வேலை.

எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். அறிவிப்பு குழுவில் வந்திருந்தாலும் திருத்தம் தனிச் செய்தியில் போக வேண்டும். பத்துப் பேர் முன்னால் மூத்தவர் திருத்தினால் இளைய மேலாளர் தன் முடிவைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். தனியாகச் சொன்னால் மாற்றிக்கொள்ள அவருக்கு இடம் இருக்கும்.

அவர் ஏற்காவிட்டால், “சரி மேடம், அப்படியே செய்கிறோம்” என்ற ஒரு வரி போதும். “உங்கள் இஷ்டம்” என்று எழுதினால் அதில் கோபம் தெரியும். ஆனால் பணமோ விதியோ சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் அத்தோடு விடக் கூடாது. எந்த விதிக்கு முரணாகிறது என்பதைக் குறிப்பிட்டு, எழுத்தில் உத்தரவு கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அங்கே பணிவுக்காகப் பேசாமல் இருந்தால் இருவருக்குமே ஆபத்து.

அனுப்பும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள். உங்கள் வயதே உள்ள மேலாளருக்கு இதே செய்தியை அனுப்புவீர்களா? அவருக்கு எழுதும்போது எந்தச் சொல்லை விட்டுவிடுவீர்களோ, அதை இவருக்கும் எழுத வேண்டாம்.