பாதிப் பேச்சு: ஒரே வீட்டில் இரண்டு அலுவலகங்கள்

போன வருடம் ஜூன் மாதம் ஒருநாள் என் மனைவி, "இனிமே நான் தினமும் ஆபீசுக்கே போயிடறேங்க" என்றார். அவருக்கு வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டு. அலுவலகம் போய்வர இரண்டரை மணி நேரம் ஆகும். அதையும் தாண்டி ஏன் என்று கேட்டேன். சம்பளப் பட்டியல் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. அந்த மாதம் ஒருவருடைய பிடித்தத்தில் 4,850 என்பதை 8,450 என்று போட்டிருக்கிறார். அடுத்த நிலையில் ஒருவர் பார்த்துத் திருத்திவிட்டார். "முன்ன மாதிரி மனசு நிக்க மாட்டேங்குது. வயசாயிடுச்சு போல" என்றார்.

எனக்கு அது வயசு என்று தோணலை. நான் பேசும் மீட்டிங்தான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு ஆய்வு. 2010இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எம்பர்சனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. திரையில் நகரும் ஒரு புள்ளியை மவுஸால் துரத்துவது போன்ற கவனம் தேவைப்படும் வேலைகளைச் சிலருக்குக் கொடுத்தார்கள். பின்னணியில் ஒருமுறை இருவர் பேசுவது முழுதாகக் கேட்கும். இன்னொருமுறை ஒருவர் தனியாகப் பேசுவது. மற்றொருமுறை தொலைபேசி உரையாடலில் ஒரு பக்கம் மட்டும். இந்தக் கடைசி வகையில்தான் வேலை கெட்டது. அதே பாதிப் பேச்சை, சொற்கள் புரியாதபடி வடிகட்டிப் போட்டபோது அந்தக் கெடுதல் மறைந்துவிட்டது.

அதாவது தொந்தரவு செய்வது சத்தத்தின் அளவு மட்டும் இல்லை. அடுத்து என்ன வரும் என்று மூளையால் ஊகிக்க முடியாத, ஆனால் அர்த்தம் புரிகிற பேச்சு. "ஆமா... இல்ல, அந்த பில்டு இல்ல... வெள்ளிக்கிழமையா?" என்று நான் ஹாலில் பேசும்போது, விடுபட்ட பாதியை அவர் மூளை கேட்காமலே நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் உட்கார்ந்திருந்தது பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான்.

நல்லது செய்வதாக நினைத்து நாங்கள் செய்திருந்த இரண்டு காரியங்கள் இதை இன்னும் மோசமாக்கி இருந்தன. நான் இரண்டு காதையும் மூடும் பெரிய ஹெட்போன் வாங்கியிருந்தேன். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காவிட்டால் மனுஷன் தானாகவே குரலை உயர்த்துவான். போனில் ஒரு சத்தமானி செயலியைப் போட்டு அவர் மேசையில் வைத்துப் பார்த்தேன். இந்தச் செயலிகள் துல்லியமாக இருக்காது. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் பார்க்கப் போதும். ஹெட்போனோடு பேசும்போது என் குரல் 6 டெசிபல் வரை கூடியிருந்தது. இப்போது ஒரு காதை மட்டும் மூடும் ஹெட்செட்டுக்கு மாறிவிட்டேன். இரண்டு காது ஹெட்செட்டே வேண்டும் என்பவர்கள், பேசுபவரின் குரலை அவர் காதுக்கே திருப்பிக் கொடுக்கும் 'சைட்டோன்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, அவருக்கு வாங்கிக் கொடுத்த இரைச்சல் நீக்கும் ஹெட்போன். அந்தத் தொழில்நுட்பம் மின்விசிறி, ஏசி போன்ற சீரான தாழ்ந்த ஒலிகளில்தான் நன்றாக வேலை செய்யும். பேச்சில் அர்த்தத்தைச் சுமக்கும் மெய்யெழுத்து ஒலிகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அங்கே அதன் பலன் குறைவு. அதனால் என் பேச்சை மறைத்துக்கொண்டிருந்த மின்விசிறிச் சத்தம் போய், பேச்சு தனியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. "இதைப் போட்டாத்தான் நீங்க பேசறது நல்லா கேக்குது" என்று அவர் முன்பே சொன்னதை நான் கிண்டல் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து கதவு. கனமான கதவு போடலாமா என்று யோசித்தபோது ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். எங்கள் அறைக்கதவு 75 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரம், பரப்பு 1.5 சதுர மீட்டர். கீழே 1.5 செ.மீ. இடைவெளி, அதன் பரப்பு 0.01125 சதுர மீட்டர். மொத்தத்தில் 133இல் ஒரு பங்கு திறந்தே கிடக்கிறது. இதை டெசிபலில் சொன்னால்:

```
10 × log10(133) ≈ 21 dB
```

தேக்கில் போட்டாலும் இரும்பில் போட்டாலும், அந்த இடைவெளி இருக்கும்வரை தடுப்பு ஏறக்குறைய 21ஐத் தாண்டாது. எனவே கதவை மாற்றவில்லை. கதவின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை ஒன்றை வாங்கி ஒட்டினேன். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, இரவில் உள்ளே விளக்கைப் போட்டு, வெளியே இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் சத்தமும் கசியும்.

மேசையையும் திருப்பிப் போட்டேன். உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் வாய் பார்க்கும் திசையில்தான் அதிகம் போகும். கதவுக்கு முதுகு காட்டி, துணி அலமாரியைப் பார்த்து உட்கார்ந்தால், வெளியே குரல் கேட்டாலும் சொற்கள் மழுங்கிவிடுகின்றன. நமக்கு வேண்டியதும் அதுதான்.

இனி அறையை யாருக்குக் கொடுப்பது? அமைதி தேவைப்படுகிறவருக்கு அறை, பேசுகிறவருக்கு ஹால் என்றுதான் முதலில் பிரித்திருந்தோம். இது தப்பு. ஹாலில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். படிக்க உட்காரும் மகளுக்கும் சேர்த்து. இரண்டு வார காலண்டரை எடுத்து எண்ணினோம். பேச்சு நேரம் எனக்கு 31 மணி, அவருக்கு 9 மணி. இருவருக்கும் ஒரே நேரத்தில் இருந்தது 4 மணிதான். எனவே இப்போது ஒரே விதி: பேசுகிறவர் அறைக்குள் போக வேண்டும், கேட்கிறவர் நகர வேண்டியதில்லை. இரண்டு மேசையிலும் ஒவ்வொரு சார்ஜர் நிரந்தரமாக இருக்கிறது; லேப்டாப் மட்டும் இடம் மாறும். அந்த 4 மணி நேரத்துக்கு, அவர் ஹாலைத் தாண்டி இருக்கும் படுக்கையறைக்குப் போகிறார். மறுநாள் எது மோதும் என்று முந்தைய இரவே பார்த்துக்கொள்கிறோம்.

படுக்கையறையில் ஒரு சிக்கல் உண்டு. கோடைக்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9.30 என்றால் நமக்கு இரவு 7 மணி. என் மீட்டிங்குகளைப் படுக்கையறையில் பேசி, அவர் ஓய்வெடுக்கும் நேரத்தையும் நான் ஆபீஸ் ஆக்கியிருந்தேன். இப்போது 6 மணிக்கு மேல் அந்த அறையில் அலுவலகப் பேச்சு இல்லை. மாலை மீட்டிங் இருந்தாலும் வேலை அறையில்தான்.

வேலையை மூடுவதற்கும் ஒரு வழி கிடைத்தது. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் மனசின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதை, சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் 'கவன மிச்சம்' என்ற பொருளில் விளக்கினார். எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வோம் என்று குறித்து வைத்தால் அந்த மிச்சம் குறைகிறது என்று 2018இல் அவரும் தெரசா குளோமும் காட்டினார்கள். அந்த ஆய்வு, வேலை நடுவே வரும் குறுக்கீடுகளைப் பற்றியது. நாங்கள் அதை நாளின் முடிவுக்குப் பயன்படுத்துகிறோம். இருவரும் இரண்டு வரி எழுதி, லேப்டாப்பைப் பீரோவுக்குள் வைத்துவிட்டுத்தான் காபி போடுகிறோம்.

இதெல்லாம் இரண்டு படுக்கையறை வீட்டுக் கணக்கு. ஒரே அறை உள்ள வீட்டில் ரப்பர் பட்டையால் பயன் இல்லை. பேச்சு நேரங்களை மோதாமல் பிரிப்பதும், பேசுகிறவர் மொட்டைமாடிக்குப் போவதும்தான் வழி.

சென்ற மூன்று மாதப் பட்டியல்களில் அவருக்குத் திருத்தம் எதுவும் வரவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் போதிய தரவு இல்லை. ஆனால் 'வயசாயிடுச்சு' என்ற பேச்சு இப்போது வீட்டில் இல்லை.