இரண்டு தெரிந்தால் போதுமா?

யூஜிசி நெட் மேலாண்மைத் தாளில் இப்படி ஒரு பொருத்துக: இருகாரணிக் கோட்பாடு, ஈஆர்ஜி கோட்பாடு, எதிர்பார்ப்புக் கோட்பாடு, சமத்துவக் கோட்பாடு. எதிரே வ்ரூம், ஆடம்ஸ், ஹெர்ஸ்பெர்க், ஆல்டர்ஃபர்.

இருகாரணி ஹெர்ஸ்பெர்க்குடையது, எதிர்பார்ப்பு வ்ரூமுடையது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். தரப்பட்ட நான்கு விடைகளில் மூன்றில் ஹெர்ஸ்பெர்க் சரியாக இருக்கிறார். அந்த மூன்றில் இரண்டில்தான் வ்ரூமும் சரி. இந்த இரண்டும் ஆடம்ஸையும் ஆல்டர்ஃபரையும் மட்டும் இடம் மாற்றி வைத்திருக்கின்றன. தெரிந்த ஜோடிகளை இனி எத்தனை முறை பார்த்தாலும் பயனில்லை. விடைகள் வேறுபடும் இடத்தைத்தான் யோசிக்க வேண்டும். என் உழைப்புக்கான ஊதியத்தைப் பக்கத்து மேசைக்காரருடையதோடு ஒப்பிடுவதே ஆடம்ஸ் சொன்ன சமத்துவம். இது நினைவுக்கு வந்தால் ஈஆர்ஜி தானாக ஆல்டர்ஃபருக்குப் போய்விடும்.

அரைகுறையாகத் தெரிந்த ஜோடியை வைத்து எதையும் நீக்காதீர்கள். சரியான விடையே அடிபட்டுப் போகும்.