அறிக்கைகளில் தொங்கும் எச்சங்களும் தெளிவற்ற சுட்டுகளும்

ஒரு வினையெச்சத்தின் செயலைச் செய்தவர் யார் என்று வாக்கியம் சொல்லாமல் விட்டால், அந்த எச்சம் தொங்கி நிற்கும். 'இது', 'அதனை' போன்ற சுட்டுப்பெயர் முன்னுள்ள எதைக் குறிக்கிறது என்று தெரியாவிட்டால் அது தெளிவற்ற சுட்டு. சேத அறிக்கைகளில் இரண்டும் அடிக்கடி வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 51 செ.மீ. மழை பதிவானது. அத்தகைய வெள்ளத்துக்குப் பின் திண்டிவனம் பகுதியிலிருந்து ஓர் அறிக்கை எழுதப்படுவதாகக் கொள்வோம். கீழுள்ள வாக்கியங்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை.

"ஏரிக்கரையை ஆய்வு செய்து, இரண்டு இடங்களில் உடைப்பு ஏற்பட்டிருந்தது."

'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் முற்றுவினையின் எழுவாயையே தன் எழுவாயாகக் கொள்ளும் என்பது தொல்காப்பியம் முதலே உள்ள விதி. இங்கே எழுவாய் 'உடைப்பு'. உடைப்பு போய் ஏரிக்கரையை ஆய்வு செய்யாது! 'ஆய்வு செய்தபோது' என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆய்வு செய்தவர் யார் என்பது அப்போதும் தெரியாது. "உதவிப் பொறியாளர் ஏரிக்கரையை ஆய்வு செய்து, இரண்டு இடங்களில் உடைப்பு இருந்ததைக் கண்டார்" என்பதே முழுத் திருத்தம். "மழை பெய்து ஏரி நிரம்பியது" போன்ற காரணகாரியத் தொடர்களில் எழுவாய் மாறினாலும் வழக்கு ஏற்றுக்கொள்கிறது. அவற்றைத் திருத்த வேண்டியதில்லை.

பெயரெச்சம் வேறு விதமாகத் தடம் மாறும். "வெள்ளத்தில் மூழ்கிய விவசாயிகளின் நெற்பயிர்" என்றால் 'மூழ்கிய' என்பது அடுத்துள்ள பெயரைப் பற்றிக்கொள்கிறது. படிப்பவர் கண்ணில் மூழ்கியவர்கள் விவசாயிகள். "விவசாயிகளின் நெற்பயிர் வெள்ளத்தில் மூழ்கியது" என்று எழுதினால் குழப்பமில்லை.

சுட்டுப்பெயரால் வரும் சிக்கல் இன்னும் பெரிது.

"வீடூர் அணையின் மதகுகள் திறக்கப்பட்டதால் தரைப்பாலம் மூழ்கியது. இது குறித்துக் கிராமங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது."

தெரிவிக்கப்பட்டது மதகு திறப்பா, பாலம் மூழ்கியதா? முதலாவது என்றால் கரையோர மக்கள் ஆடுமாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோக அவகாசம் இருந்தது என்று பொருள். இரண்டாவது என்றால் அந்த வழியே போக வேண்டாம் என்ற எச்சரிக்கை மட்டுமே. இழப்பீட்டு விசாரணையில் இரண்டும் ஒன்றல்ல. அஃறிணை ஒருமை எல்லாவற்றுக்கும் 'இது' ஒன்றே என்பதால் சொல்லின் வடிவமும் உதவாது. 'இது' உள்ள இடத்தில் முன்வாக்கியப் பெயர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் பிழை தெரியும். இரண்டு பொருந்தினால் சுட்டு தவறிவிட்டது. "மதகுகள் திறக்கப்பட இருப்பது குறித்துக் கிராமங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது" என்று பெயரையே எழுதிவிடலாம். 'மேற்படி' என்று போடுவது தீர்வாகாது. அலுவலகத் தமிழில் அதுவும் இன்னொரு 'இது'தான். பொருந்தக்கூடிய பெயர் ஒன்றே இருக்குமிடத்தில் 'அது' தாராளமாக வரலாம்.