15 லட்சம் எஃப்டி: ரசீதுல ஒரு தொகை, கையில ஒரு தொகை. டிடிஎஸ் போக ஒரு வருஷக் கணக்கு

வீடியோவுல வேகமா சொல்லிட்டுப் போன ஒரு கணக்கை இங்க நிதானமா போட்டுப் பார்க்கலாம். ஓய்வு பெற்றவங்க கேக்கிற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான்: "எஃப்டி ரசீதுல போட்டிருந்த தொகை வேற, முதிர்வு அன்னைக்கு அக்கவுண்ட்ல விழுந்த தொகை வேற. மீதி எங்க போச்சு?"

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுல 66 வயசு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தர் இருக்காங்கன்னு வச்சுக்குவோம். பென்ஷன் மாசம் 35,000 ரூபா. பணிக்கொடையா வந்த பணத்துல 15 லட்சத்தை 2025 ஏப்ரல் முதல் வாரத்துல ஒரு வருஷ எஃப்டியில போடுறாங்க. வட்டி 7%னு எடுத்துக்குவோம். உங்க வங்கியில கொஞ்சம் கூட இருக்கலாம், குறைய இருக்கலாம். வட்டியை வெளிய எடுக்காம முதலோடயே சேர்த்துக்கிட்டுப் போற டெபாசிட். கணக்கு எளிமையா இருக்க, முழு வருஷமும் 2025-26 நிதியாண்டுக்குள்ளயே விழுதுன்னு வச்சுக்கலாம்.

மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டி முதலோட சேரும். அதாவது ஒவ்வொரு காலாண்டும் 1.75%. நாலு காலாண்டு முடிஞ்சா வட்டி 1,07,789 ரூபா. ரசீதுல முதிர்வுத் தொகை 16,07,789னு இருக்கும். அம்மா மனசுல பதிஞ்சதும் இந்த நம்பர்தான்.

60 வயசு ஆனவங்களுக்கு ஒரு வங்கியில ஒரு நிதியாண்டுல வர்ற டெபாசிட் வட்டி 1 லட்சத்தைத் தாண்டுனா வங்கி 10% டிடிஎஸ் பிடிக்கணும். 2025 ஏப்ரல் 1க்கு முன்னாடி இந்த வரம்பு 50,000தான். இதுல பலர் தப்பா புரிஞ்சுக்கிற இடம் ஒண்ணு இருக்கு. 1 லட்சத்துக்கு மேல இருக்கிற 7,789க்கு மட்டும்தான் பிடிப்பாங்கன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லை. வரம்பைத் தாண்டிட்டா மொத்த வட்டிக்கும் பிடிப்பாங்க.

பிடிக்கிறதும் பெரும்பாலும் கடைசியில ஒரே தடவையா இல்லை. இந்த வருஷம் வரம்பைத் தாண்டும்னு வங்கியோட சிஸ்டத்துக்கு முன்னாடியே தெரியும், அதனால ஒவ்வொரு காலாண்டும் வட்டி சேரும்போதே பத்துல ஒரு பங்கை எடுத்துடும். முதல் காலாண்டு வட்டி 26,250. அதுல 2,625 போக 23,625தான் முதலோட சேருது. அடுத்த காலாண்டு வட்டி இந்தக் குறைஞ்ச தொகை மேலதான் கணக்காகும். இப்படியே நாலு காலாண்டு போனா மொத்த வட்டி 1,07,507, பிடிச்ச டிடிஎஸ் 10,751, கையில நிக்கிற வட்டி 96,756. அக்கவுண்ட்ல விழுறது 15,96,756.

ரசீதுக்கும் இதுக்கும் வித்தியாசம் 11,033 ரூபா. அதுல 10,751 அம்மாவோட பான் நம்பர்ல அரசாங்கத்துகிட்ட இருக்கு, திரும்ப வாங்கலாம். மிச்சம் 282 ரூபா, பிடிச்ச பணம் மேல வந்திருக்க வேண்டிய வட்டி. அது போனது போனதுதான். சில வங்கி டிடிஎஸ்ஸை மார்ச்ல மொத்தமா பிடிக்கும், அப்போ இந்த மிச்சம் இன்னும் குறையும்.

இப்போ இதைப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரர் அதே வங்கியில, அதே வட்டியில 13,90,000 மட்டும் போட்டிருக்கார். அவரோட வட்டி 99,884. வரம்பைத் தாண்டலை, ஒரு பைசா பிடிக்கலை. 1,10,000 ரூபா அதிகமா போட்ட அம்மாவுக்கு 96,756, குறைவா போட்டவருக்கு 99,884! ரீஃபண்ட் வர்ற வரைக்கும் நிலைமை இதுதான்.

சரி, அம்மாவுக்கு நிஜமாவே வரி இருக்கா? பென்ஷன் வருஷத்துக்கு 4,20,000. வட்டியோட சேர்த்தா 5,27,507. புதிய வரி முறையில பென்ஷனுக்கு நிலையான கழிவு 75,000 போக 4,52,507. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, மிச்சத்துக்கு 5% போட்டா சுமார் 2,625. ஆனா 12 லட்சம் வரைக்கும் வருமானம் இருக்கிறவங்களுக்கு 87A தள்ளுபடி உண்டு, அதுல அந்த 2,625ம் போயிடும். வரி பூஜ்யம். ஆக, கட்ட வேண்டியதே இல்லாத வரிக்காக 10,751 ரூபா முன்கூட்டியே போயிருக்கு.

2025-26ல இதை முதல்லயே நிறுத்துறதுக்கு இருந்தது 15ஹெச் படிவம். 60 வயசு ஆனவங்க, "இந்த வருஷ என் மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யம்"னு வங்கிக்கு எழுதிக் கொடுக்கிற உறுதிமொழி. தள்ளுபடி போக பூஜ்யம் ஆனாலும் கொடுக்கலாம், அதனால அம்மா தாராளமா கொடுக்கலாம். ஏப்ரல்லயே கொடுத்தா முழு 1,07,789ம் கைக்கு வரும். அக்டோபர்ல கொடுத்தா அதுக்கப்புறம் பிடிக்க மாட்டாங்க, ஆனா ஏற்கெனவே பிடிச்சதை வங்கி திருப்பித் தராது. அது அரசாங்கத்துக்குப் போயாச்சு. ஒவ்வொரு நிதியாண்டும் புதுசா கொடுக்கணும். எஃப்டி தானா ரென்யூ ஆகும், படிவம் ஆகாது. கொடுத்ததுக்கு ஒப்புகை வாங்கி வச்சுக்கோங்க. வாடகை, வேற வட்டி எல்லாம் சேர்ந்து நிஜமாவே வரி வரும்னா கொடுக்காதீங்க, பொய் உறுதிமொழிக்கு வழக்கு வரைக்கும் போகலாம்.

60 ஆகாதவங்களுக்கு, உதாரணமா 58ல தனியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு, வரம்பு 50,000தான். 2025-26ல படிவமும் 15ஜி. நிதியாண்டு முடியறதுக்குள்ள, மார்ச் கடைசியில 60 ஆனாலும் அந்த வருஷம் முழுக்க மூத்த குடிமகன்தான்.

டெபாசிட்டைப் பிரிச்சுப் போட்டா? பாலக்கோடு கிளையில பாதி, தர்மபுரி கிளையில பாதின்னு ஒரே வங்கியில போட்டா பிரயோஜனம் இல்லை, பான் நம்பரை வச்சு சேர்த்துடுவாங்க. ரெண்டு வேற வேற வங்கின்னா 7,50,000க்கு வட்டி 53,894தான், ரெண்டு பக்கமும் பிடித்தம் இல்லை. தேதியும் இதே வேலையைச் செய்யும். அதே 15 லட்சத்தை 2025 அக்டோபர் 1ல போட்டிருந்தா மார்ச் வரைக்கும் வட்டி 52,959, மிச்சம் 54,829 அடுத்த நிதியாண்டுல விழும். அந்த வங்கியில வேற டெபாசிட் இல்லைன்னா ரெண்டு வருஷமும் வரம்புக்குள்ளதான். ஆனா ஒண்ணு, டிடிஎஸ் பிடிக்கலைங்கிறதால வட்டி வருமானம் இல்லைன்னு ஆகிடாது. ரிட்டர்ன்ல காட்டியே ஆகணும்.

பான் கொடுக்காம விட்டா 10% இல்லை, 20% பிடிப்பாங்க. அம்மாவோட கணக்குல கையில 85,780தான் நிக்கும். பான் இல்லாததால பிடிச்ச பணம் அவங்க பேர்ல பதிவும் ஆகாது, அப்புறம் ரீஃபண்டுக்கு அலையணும். ஜாயிண்ட் டெபாசிட்னா முதல் பேர் யாரோ அவங்க பான்லதான் வட்டியும் டிடிஎஸ்ஸும் ஏறும், முதல் பேர்ல இருக்கிறவர்தான் படிவமும் கொடுக்கணும்.

ஏற்கெனவே பிடிச்சாச்சுன்னா incometax.gov.in போய் 26AS எடுத்துப் பாருங்க. உங்க வங்கி பேருக்கு நேரா 194A பிரிவுல பிடிச்ச தொகை இருக்கணும். வங்கிகிட்ட வட்டி சான்றிதழ் வாங்கி ரெண்டையும் ஒப்பிடுங்க. வங்கி பிடிச்சிருக்கு, 26AS-ல இல்லைன்னா, ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடியே கிளையில சொல்லி அவங்க டிடிஎஸ் கணக்கைத் திருத்தச் சொல்லணும். ரெண்டும் ஒத்துப்போனா 2026 ஜூலை 31க்குள்ள ரிட்டர்ன் போட்டு 10,751ஐயும் ரீஃபண்டா கேளுங்க. நேரத்துக்குப் போட்டா 2026 ஏப்ரல்ல இருந்து மாசம் அரை சதவீதம் வட்டியும் சேர்த்துத் தருவாங்க. ரீஃபண்ட் விழுற அக்கவுண்டை அதே தளத்துல முன்கூட்டியே வேலிடேட் பண்ணி வச்சிடுங்க.