சொல்லாதது வேறு, தவறு வேறு

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். அவற்றில் ஒரு வகைக் கேள்வி, படித்த பத்தியை ஒட்டிச் சில கூற்றுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் ‘ட்ரூ’வா, ‘ஃபால்ஸா’, ‘நாட் கிவனா’ என்று கேட்கிறது. பத்தி சொல்வதோடு கூற்று ஒத்துப்போனால் சரி. பத்தி சொல்வதற்கு முரணாக இருந்தால் தவறு. கூற்று உண்மையா இல்லையா என்று முடிவு செய்யப் பத்தியில் தகவல் இல்லை என்றால் தரப்படவில்லை. நன்றாக ஆங்கிலம் படித்தவர்களும் தடுமாறுவது பின்னிரண்டுக்கும் இடையில்தான். “தேடிப் பார்த்தேன், பத்தியில் இல்லை, ஆகவே தவறு” என்று விடையெழுதிவிடுகிறார்கள்.

இந்த முடிவு சில இடங்களில் நியாயமானதே. ரயில் நிலைய அட்டவணையில் ஒரு வண்டியின் பெயர் இல்லை என்றால் அந்த வண்டி அங்கே நிற்காது என்று எடுத்துக்கொள்ளலாம். நிற்கும் வண்டிகள் எல்லாவற்றையும் எழுதுவதற்காகவே அந்த அட்டவணை வைக்கப்பட்டிருக்கிறது. தேர்வில் வரும் பத்தி அப்படிப்பட்ட முழுப் பட்டியல் அன்று. ஒரு விஷயத்தைப் பற்றித் தெரிந்ததில் ஒரு பகுதியைத்தான் அது சொல்கிறது. சொல்லாமல் விட்டதை அது மறுத்ததாகக் கொள்ள முடியாது.

இதைக் கீழ்க்கண்ட சிறு பத்தியை வைத்துப் பார்க்கலாம்.

“1889இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக ஐஃபல் கோபுரம் எழுப்பப்பட்டது. 1887 ஜனவரியில் கட்டுமானம் தொடங்கியது. மறுமாதமே எழுத்தாளர்களும் கலைஞர்களும் கையெழுத்திட்ட கண்டன அறிக்கை ஒன்று நாளிதழில் வெளியானது. 1889 மார்ச்சில் கோபுரம் திறக்கப்பட்டது. அது 20 ஆண்டுகள் மட்டுமே நிற்க அனுமதி தரப்பட்டிருந்தது. கம்பியில்லாத் தந்தி ஆய்வுகளுக்குப் பயன்பட்டதால் அது பிரிக்கப்படாமல் தப்பியது.”

முதல் கூற்று: “கோபுரத்தைக் கட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.” இப்படி ஒரு வாக்கியம் பத்தியில் இல்லை. ஆனாலும் விடை சரி என்பதே. 1887 ஜனவரியில் தொடங்கி 1889 மார்ச்சில் திறந்ததாகப் பத்தி சொல்கிறது. இரண்டு தேதிகளையும் கழித்தாலே கூற்று கிடைத்துவிடுகிறது. வேறு எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. பத்தியிலிருந்து தப்பாமல் பெறக்கூடியது எதுவோ அது சொல்லப்பட்டதாகவே கொள்ளப்படும்.

இரண்டாவது கூற்று: “கோபுரம் 25 ஆண்டுகள் நிற்க அனுமதி பெற்றிருந்தது.” 25 என்ற எண்ணே பத்தியில் இல்லை. அதனால் தரப்படவில்லை என்று எழுதுவோர் உண்டு. அது பிழை. 20 ஆண்டுகள் மட்டுமே என்று பத்தி கூறுகிறது. அந்த வாக்கியம் உண்மையாக இருந்தால் இந்தக் கூற்று உண்மையாக இருக்கவே முடியாது. எனவே தவறு.

மூன்றாவது கூற்று: “கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டது மட்டுமே கோபுரம் பிரிக்கப்படாததற்குக் காரணம்.” இதில் உள்ள கோபுரம், கம்பியில்லாத் தந்தி, பிரிப்பது எல்லாமே பத்தியில் இருக்கின்றன. சொற்களைத் தேடிப் பொருத்துபவர் சட்டென்று சரி என்று எழுதிவிடுவார். ஆனால் ‘மட்டுமே’ என்ற ஒற்றைச் சொல் கூற்றை மாற்றிவிடுகிறது. பத்தி ஒரு காரணத்தைச் சொல்கிறது. வேறு காரணம் இருந்ததா, இல்லையா என்பதைப் பற்றிப் பேசவில்லை. விடை, தரப்படவில்லை.

முந்தைய கூற்றையும் இதையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. கூற்றின் சொல் பத்தியில் இருக்கிறதா என்பதை அளவுகோலாக வைத்தால் இரண்டிலுமே பிழையான விடைதான் வரும். பார்க்க வேண்டியது, பத்தியும் கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா என்பது. முடியாது என்றால் தவறு. முடியும், ஆனால் பத்தி உண்மை என்பதால் மட்டும் கூற்று உண்மையாகிவிடாது என்றால் தரப்படவில்லை.

தேர்வு நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்ய எளிய வழி, கூற்றைத் திருத்தி எழுதிப் பார்ப்பது. தவறு என்று எழுதும் முன், “இல்லை, உண்மையில் இப்படித்தான்” என்று பத்தியிலுள்ள தகவலைக் கொண்டே கூற்றைத் திருத்த முடிய வேண்டும். “25 அல்ல, 20” என்று இரண்டாவது கூற்றைத் திருத்திவிடலாம். “கண்டன அறிக்கை கோபுரம் திறந்த பிறகு வெளியானது” என்று ஒரு கூற்று வந்தால், “இல்லை, கட்டுமானம் தொடங்கிய மறுமாதம்” என்று திருத்தலாம். “அறிக்கையில் கையெழுத்திட்ட சிலர் பின்னர் மனம் மாறினர்” என்பதை எப்படித் திருத்துவது? யாரும் மாறவில்லை என்று எழுதப் பத்தியில் ஆதாரம் இல்லை. எல்லோரும் மாறினர் என்று எழுதவும் இல்லை. திருத்தக் கையில் எதுவும் இல்லாத இடத்தில் தவறு என்ற விடைக்கும் இடமில்லை.

நான்காவது வகைப் பிழையில் அதிகம் மாட்டுபவர்கள் பொது அறிவு உள்ளவர்கள். “திறக்கப்பட்டபோது ஐஃபல் கோபுரமே உலகின் மிக உயரமான கட்டுமானமாக இருந்தது” என்பது உண்மை. 1930இல் நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் முந்தும்வரை அந்தப் பெருமை அதற்கே இருந்தது. ஆனாலும் மேலே உள்ள பத்திக்கு இந்தக் கூற்றின் விடை தரப்படவில்லை என்பதுதான். பத்தி உயரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கூற்று உலகத்தோடு ஒத்துப்போகிறதா என்பது இங்கே கேள்வி இல்லை, பத்தியோடு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. இதே காரணத்தால், உலகறிந்த பொய்யான ஒரு கூற்றுக்கும் பத்தி மௌனமாக இருந்தால் தரப்படவில்லை என்பதே விடை. தெரிந்ததை மறந்துவிட்டுப் படிப்பது கடினம்தான். விடைக்கு ஆதாரமான வாக்கியத்தின் மேல் விரலை வைக்க முடிகிறதா என்று கேட்டுக்கொண்டால் அந்தக் கடினம் பெருமளவு குறையும்.

விடைகளைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு கூற்றையும் முழுதாகப் பார்ப்பதைவிட, அதில் கூடுதலாக ஏற்றப்பட்ட சுமையைப் பார்ப்பது பயன் தரும். கேள்வி அமைப்பவர்கள் பத்தியில் உள்ள செய்தியை எடுத்து அதில் ஒரு ஒப்பீட்டையோ, ஒரு காரணத்தையோ, ‘எல்லா’, ‘முதல்’, ‘மட்டும்’ போன்ற ஒரு சொல்லையோ சேர்ப்பது வழக்கம். பத்தி இரண்டு பாலங்களின் செலவைப் பற்றிப் பேசும், ஆனால் ஒன்றின் தொகையை மட்டும் சொல்லும். கூற்றோ ஒன்றைவிட மற்றது மலிவு என்று சொல்லும். பத்தியில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வரும். கூற்று, முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று சொல்லும். அந்தச் சேர்க்கைக்குப் பத்தியில் ஆதரவும் இல்லை, மறுப்பும் இல்லை என்றால் மீதிச் செய்தி எவ்வளவு பொருந்தினாலும் விடை மாறாது.

எவ்வளவு நேரம் தேடுவது என்பதும் ஒரு சிக்கல். இல்லாத ஒன்றை இல்லை என்று உறுதி செய்ய முழுப் பத்தியையும் மறுபடி படிப்பவர்களுக்கு மற்ற கேள்விகளுக்கு நேரம் போதாமல் போகும். இந்த வகைக் கேள்விகள் பத்தியின் வரிசையிலேயே வருவது இங்கே உதவுகிறது. மூன்றாம், ஐந்தாம் கூற்றுகளின் விடை எந்த வாக்கியங்களில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், நான்காவதற்கான தகவல் இருந்தால் அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். அந்தச் சில வரிகளை ஒருமுறை நிதானமாகப் படித்து, கூற்றை நிறுவவோ திருத்தவோ எதுவும் கிடைக்கவில்லை என்றால், தரப்படவில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பிழையான விடைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எந்தக் கட்டத்தையும் காலியாக விட வேண்டியதில்லை.