ஒட்டுறவைக் கண்டறிய எத்தனை பேர் வேண்டும்?

மாணவர்கள் தூங்கும் நேரத்துக்கும் அவர்கள் கணக்கில் எடுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா என்று ஓர் ஆய்வாளர் பார்க்க நினைக்கிறார் என வைத்துக்கொள்வோம். இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை r என்னும் ஒட்டுறவுக் கெழு காட்டும். அது -1 முதல் +1 வரை இருக்கலாம். நேர்கோட்டுத் தொடர்பே இல்லையென்றால் 0. எத்தனை மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை, எவ்வளவு சிறிய தொடர்பைக்கூட அவர் தவறவிடக் கூடாது என்பதைப் பொறுத்தது.

கணக்கைத் தொடங்கும் முன் மூன்று முடிவுகளை எடுத்தாக வேண்டும். முதலாவது, கண்டறிய விரும்பும் r. இங்கே அது 0.3. இரண்டாவது, தொடர்பே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லிவிடும் அபாயம். வழக்கமாக 5 சதவீதம் வரை பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது, தொடர்பு உண்மையிலேயே இருந்தால் அது ஆய்வில் பிடிபடுவதற்கான வாய்ப்பு. இதற்குத் திறன் என்று பெயர். 80 சதவீதத் திறன் என்பது பெருவழக்கு. அப்படியென்றால், இருக்கும் தொடர்பை ஐந்தில் ஓர் ஆய்வு தவறவிடும் என்பதையும் ஆய்வாளர் ஏற்றுக்கொள்கிறார்.

r-இன் மதிப்பு மாதிரிக்கு மாதிரி மாறும். அந்தச் சிதறல் சமச்சீராகவும் இருக்காது. ரொனால்ட் ஃபிஷர் r-ஐ மடக்கை வழியாக வேறோர் எண்ணாக மாற்றினால் இந்தச் சிக்கல் பெரிதும் தீரும் என்று காட்டினார். மாற்றிய எண்ணை C என்று வைத்தால், தேவையான எண்ணிக்கை n இப்படிக் கிடைக்கும்:

```
C = 0.5 × ln((1 + r) / (1 − r))
n = ((1.96 + 0.84) / C)² + 3
```

1.96 என்பது 5 சதவீத அபாயத்திலிருந்தும், 0.84 என்பது 80 சதவீதத் திறனிலிருந்தும் வருகின்றன. r 0.3 என்றால் C ஏறத்தாழ 0.3095. இரண்டின் கூட்டுத்தொகையான 2.80-ஐ அதால் வகுத்தால் 9.05, அதன் வர்க்கம் சுமார் 82. மூன்றைக் கூட்டி, பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கினால் 85 பேர். திறனை 90 சதவீதமாக உயர்த்த விரும்பினால் 0.84-க்குப் பதில் 1.28, அப்போது 113 பேர் தேவை.

r-ஐச் சற்றே குறைத்தாலும் எண்ணிக்கை எகிறும். 80 சதவீதத் திறனுக்கு 0.2-ஐப் பிடிக்க 194 பேரும், 0.1-ஐப் பிடிக்க 782 பேரும் வேண்டும். தொடர்பு பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு என்பது தோராயக் கணக்கு. அதனால்தான் r-ஐத் தேர்ந்தெடுப்பதில் சலுகை காட்டக் கூடாது. முன்னோட்டமாக இருபது பேரிடம் கிடைத்த r-ஐ அப்படியே இலக்காக வைப்பது பரவலான தவறு. இருபது பேர் என்றால், r 0.44-ஐத் தாண்டினால்தான் 5 சதவீதச் சோதனையில் தேறும். உண்மை மதிப்பு 0.3 ஆக இருந்தால், அத்தகைய ஆய்வுகளில் நான்கில் ஒன்றுதான் அதைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடிப்பதும் உண்மையைவிடப் பெரிதாகவே தெரியும். அந்தப் பெரிய எண்ணை நம்பித் திட்டமிடும் அடுத்த ஆய்வும் சிறுத்துப்போய்த் தோற்கும்.

85 பேர் இருந்தாலும் தொடர்பு உண்டு என்று சொல்ல முடியுமே தவிர, அது எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. அந்த மாதிரியில் r சரியாக 0.3 என்றே வந்தாலும், அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.09 முதல் 0.48 வரை நீளும். அளவே முக்கியம் என்றால் இன்னும் பெரிய மாதிரி வேண்டும்.

அளக்கும் முறையும் எண்ணிக்கையைக் கூட்டும். "வழக்கமாக எத்தனை மணி நேரம் தூங்குவாய்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டால், மாணவர் குத்துமதிப்பாகத்தான் சொல்வார். அந்த விடையின் நம்பகத்தன்மை 0.7, கணக்குத் தேர்வின் நம்பகத்தன்மை 0.8 என்று கொண்டால், 0.3 என்ற உண்மைத் தொடர்பு தரவில் 0.22 அளவுக்குத் தேய்ந்துதான் தென்படும்: 0.3-ஐ, 0.7 × 0.8-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் இது கிடைக்கும். இப்போது தேவை 85 அல்ல, 154. இரண்டு வாரம் தூக்கக் குறிப்பேடு எழுதச் சொல்லி நம்பகத்தன்மையை உயர்த்துவது, கூடுதலாக 69 மாணவர்களைத் தேடுவதைவிடப் பெரும்பாலும் எளிது.

கணக்கு தரும் எண், கடைசிவரை இருந்து இரண்டு அளவுகளையும் தருபவர்களின் எண்ணிக்கை. 15 சதவீதம் பேர் இடையில் விலகுவார்கள் என்று எதிர்பார்த்தால், 154-ஐ 0.85-ஆல் வகுத்து 182 பேரைச் சேர்க்க வேண்டும். 154-உடன் அதில் 15 சதவீதத்தைக் கூட்டி 178 பேரோடு தொடங்கினால், முடிவில் 151 பேர்தான் எஞ்சுவார்கள்.